இடுப்பில் வெட்டின பலாசோ

நல்லேப்பிள்ளியில் என் தையல் ஷெட்டுக்கு வழி கேட்டால் யாரும் என் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "பேண்ட்டம்மா ஷெட்டுங்களா? அரிசி மில்லைத் தாண்டிப் போங்க, வயலுக்கு முன்னால தகரக் கூரை" என்பார்கள். அந்தப் பட்டத்தை எனக்கு எந்தச் சங்கமும் மேடை போட்டுத் தரவில்லை. என் கத்தரிக்கோல் தந்தது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், இரண்டில் ஒன்றாவது முழுசாகத் தலையில் ஏறுவதற்குள் வெளியே வந்துவிட்டேன். ஆனால் டேப்பில் இருக்கிற கோடெல்லாம் எனக்கு மனப்பாடம். கோயம்புத்தூர், பாலக்காடு, சித்தூர் என்று எல்லாப் பக்கத்துக் கடைகளிலும் என் துணி தொங்குகிறது. பேங்க் ஆபீசர் முதல் பஞ்சாயத்து மெம்பர் வரை இந்தப் பக்கத்துப் பெண்கள் நான் வெட்டின பேண்ட்டில்தான் நடக்கிறார்கள். இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? உண்மைதானே.

முதலில் உள்பாவாடை தைத்தேன். அப்புறம் நைட்டி. அப்புறம் சுடிதார் பேண்ட். இந்த ஊரில் பலாசோ என்கிற அகலக்கால் பேண்ட்டைப் பற்றிப் பேச்சு வந்தபோது மற்ற தையல்காரர்கள் எல்லாம் "பாவாடையை நடுவுல வெட்டித் தைச்சா பலாசோ, அவ்வளவுதானே" என்றார்கள். வெட்டித் தைத்தார்கள். போட்டுக்கொண்டு போனவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. ஒரு பலாசோவை விலைக்கு வாங்கி, தையல் எல்லாம் பிரித்து, பிரவுன் பேப்பரில் பரப்பி, அதில் என்ன செய்திருக்கிறான் என்று பார்த்தேன். யாரும் சொல்லித்தரவில்லை.

அதில் தெரிந்துகொண்டது இதுதான். பலாசோ என்பது பேண்ட். இடுப்பில் இருந்து சீட், அதாவது உட்காருகிற இடம், வரைக்கும் பேண்ட்டுக்கு வரைவது போலத்தான் வரைய வேண்டும். ஸ்டூலில் உட்காரவைத்து, இடுப்பிலிருந்து ஸ்டூல் பலகை வரைக்கும் டேப் விட்டால் சீட் உயரம் கிடைக்கும். அதற்குக் கொஞ்சம் தளர்ச்சி சேர்க்க வேண்டும். இரண்டு காலும் பிரிகிற கவட்டியில் முன்பக்கத் துண்டைவிடப் பின்பக்கத் துண்டு கூட நீள வேண்டும். இல்லாவிட்டால் குனிந்தால் பிடிக்கும். அதற்குக் கீழேதான் பலாசோ வேலை தொடங்குகிறது.

அகலத்தைப் பக்கவாட்டில் மட்டும் சேர்த்தால் முன்னால் பலகை மாதிரி தட்டையாக இருந்து, இரண்டு பக்கமும் யானைக் காது மாதிரி ஆடும். நான் காகிதத்தில் காலை வரைந்து, பாட்டத்திலிருந்து, அதாவது கீழ் விளிம்பிலிருந்து, தொடை வரைக்கும் நீளமாக நாலைந்து கீறல் போட்டு, விசிறி விரிக்கிற மாதிரி எல்லாக் கீறலையும் ஒரே அளவு விரிப்பேன். அப்போதுதான் சுற்றிலும் மடிப்பு சமமாக விழும். உள்பக்கத் தையலில் கொஞ்சமாகத்தான் சேர்ப்பேன். இரண்டு கால் துணியும் அங்கே சந்தித்து உரசிக்கொண்டே இருக்கும், கூட வைத்தால் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். காலின் நடுவில் நூலோட்டம் நேராக நிற்க வேண்டும். அது கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு கால் முறுக்கிக்கொண்டு போகும்.

எவ்வளவு விரிப்பது என்பதைத் துணிதான் சொல்லும். துணியின் மேல்முனையை என் இடுப்பில் வைத்துத் தொங்கவிட்டுப் பார்ப்பேன். கெட்டிக் காட்டன் என்றால் இரண்டே பெரிய மடிப்பாகத் தகரம் மாதிரி நிற்கும். அதற்கு ஒரு காலின் பாட்டம் சுற்று இருபத்திநாலு இஞ்ச் போதும், மீறினால் விளக்கு மேல் கவிழ்த்த கூண்டு. ரேயான் என்றால் மெல்லிய மடிப்பாக ஓடும், முப்பது கொடுக்கலாம். ஜார்ஜெட் இன்னும் தாங்கும். மடிப்பு சீட்டுக்குக் கீழே தொடங்கித் தரை வரைக்கும் ஒடியாமல் ஓடினால் அகலம் சரி. முட்டியில் ஒடிந்தால் அகலம் போதாது. மடிப்பு மேல் மடிப்பு ஏறி உட்கார்ந்தால் கூடிப்போச்சு. கணுக்காலுக்குக் கணுக்கால் இதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த கண் இது. இன்றைக்கும் ரோட்டில் ஒரு பெண் நடந்து போனால் முகத்தைப் பார்க்க மாட்டேன், பாட்டத்தைப் பார்ப்பேன்.

போன நோன்பு மாசத்துக்கு முன்னால் ஒருநாள், பாலக்காட்டு அங்காடியில் துணிக்கடை வைத்திருக்கிற ராவுத்தருடைய மகள் ஆட்டோவில் இரண்டு பெரிய கட்டுத் துணியோடு வந்து இறங்கினாள். அவளுடைய அத்தா ராவுத்தர் எனக்கு நைட்டிக் காலத்திலிருந்தே பழக்கம். கடையில் கீழே வேட்டி, லுங்கி, பெட்ஷீட்டு வியாபாரம். மாடி சும்மா கிடந்தது. பி.காம் முடித்த மகள், மாடியை எனக்குக் கொடுங்கள், பெண்களுக்கான துணி போட்டு நானே நடத்துகிறேன் என்று விடாமல் கேட்டிருக்கிறாள். ராவுத்தர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். பெருநாளுக்கு முன்னால் முதல் சரக்கைப் போட வேண்டும். அது ஓடினால் மாடி அவளுக்கு. ஓடாவிட்டால் மாடி பெட்ஷீட்டுக் குடோன், அவள் கீழே கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பில் போட வேண்டும், கல்யாணம் ஆகிற வரைக்கும்.

"அதனாலதான் வேற எங்கயும் போகாம உங்ககிட்ட வந்தேன் அம்மா" என்றாள்.

"வந்தது நல்லது. வேற எங்க போனாலும் திரும்ப இங்கதான் வரணும்" என்றேன்.

ஒரு கட்டு ரேயான், கரும்பச்சையில் சின்னச் சின்னக் கொடி. இன்னொன்று கெட்டிக் காட்டன், செங்கல் நிறம். ரேயானில் பலாசோ, காட்டனில் கூலாட் வேண்டும் என்றாள். கூலாட் என்றால் கெண்டைக்கால் வரைக்கும் வருகிற அகலப் பேண்ட், தூரத்தில் பார்த்தால் பாவாடை என்று நினைப்பார்கள்.

"ஒரே பேட்டர்ன் போதுமே அம்மா, கூலாட்டுக்கு நீளத்த மட்டும் குறைச்சுடலாம்ல?"

"அம்மணி, பலாசோ பேண்ட்டுக்குப் பொறந்தது. கூலாட் பாவாடைக்குப் பொறந்தது. ஒண்ணக் குறைச்சு இன்னொண்ணப் பண்ண முடியாது."

அவளுக்குப் பேப்பரில் வரைந்தே காட்டினேன். கூலாட்டுக்கு முதலில் பாவாடைதான் வரைய வேண்டும். அப்புறம் அதன் நடுக்கோட்டில் கவட்டி சேர்க்க வேண்டும், பலாசோவுக்குச் சேர்க்கிறதைவிடத் தாராளமாக. அப்போதுதான் துணி காலைப் பிடிக்காமல் பாவாடை போலவே விழும். பலாசோவைக் கெண்டைக்காலில் வெட்டினால் பாட்டத்தின் அகலம் வருவதற்கு முன்னாலேயே துணி முடிந்துபோகும். அவள் கேள்வி கேட்டாள், நான் சொன்னேன், மறுபடி கேட்டாள். சும்மா தலையாட்டுகிற ரகம் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. பலாசோவை முதலில் முடிப்போம், கூலாட் அப்புறம் என்று பேசிக்கொண்டோம்.

எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் புது பேட்டர்ன் போட்டாலும் ஒரு சாம்பிள் தைத்து, துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் இருக்கிற பொண்ணுக்குப் போட்டுப் பார்ப்போம். நாற்பது இஞ்ச் சீட், நடுவாந்திர உயரம், கடைக்காரர்கள் அதிகம் கேட்கிற சைஸ் அவளுக்கு அப்படியே இருக்கும். வேலைக்கு வருகிற பெண்கள் எல்லாரும் நைட்டியில்தான் வருவார்கள், மேலே ஒரு தோர்த்துத் துண்டு. அன்றைக்கும் அவள் பலாசோவை இழுத்துப் போட்டுக்கொண்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"புடிக்குதுங்க்கா. சீட்டுல புடிக்குது. உக்காந்தா கிழிஞ்சுரும்."

"நேத்து என்னத்தத் தின்ன?"

"ஏனுங்க்கா, பலாசோவத் தைச்சவங்கள ஒண்ணும் சொல்ல மாட்டீங்க, போட்டவளத்தான் சொல்லுவீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சீட்டில் சுற்றளவு கூட்டினேன், கவட்டியை ஒன்றரை இஞ்ச் கீழே இறக்கினேன், நீளம் தூக்கிக்கொண்டு நின்றதால் அதையும் அதே அளவு விட்டேன். இரண்டாவது சாம்பிளைப் போட்டுக்கொண்டு அவள் நடந்தபோது, ஐயோ, என்ன விழுகை! கால் முன்னால் போக, துணி பின்னாலேயே வந்து, நின்றதும் தானும் நின்றது. மடிப்பு எல்லாம் சீப்பால் வாரிவிட்ட மாதிரி. ராவுத்தர் மகள் போனில் படம் எடுத்துக்கொண்டாள். நான் மொத்த ரேயானையும் மேஜையில் அடுக்குப் போட்டு எல்லா சைஸிலும் வெட்டினேன். வெட்டினதில் பாதியைத் தைக்கவும் தைத்தாகிவிட்டது. முதலில் முடிந்ததில் தன் அளவுக்கு ஒன்றை அவள் எடுத்துக்கொண்டு போனாள். அவளும் நாற்பது சீட்தான்.

மறுநாள் மத்தியானம் ராவுத்தருடைய வேன் ஷெட்டு வாசலில் வந்து நின்றது. முன்னால் ராவுத்தர், பின்னால் மகள். அவள் கண் சிவந்திருந்தது. அவள் கையில் அந்த பலாசோ, சுருட்டி வைத்திருந்தாள்.

"டெய்லரம்மா, இதப் போட்டுக்கிட்டு இவ மாடிப்படி இறங்கினா. மூணாவது படியில பாட்டத்த மிதிச்சா. கைப்பிடியப் புடிக்கலன்னா இன்னைக்கு நான் ஆஸ்பத்திரியில நின்னுருப்பேன். கடைப் பசங்க எல்லாம் பார்த்துக்கிட்டு இருந்தானுங்க" என்றார் ராவுத்தர்.

"படியில மட்டும் இல்ல அம்மா" என்றாள் அவள். "தரையிலயும் நடக்க முடியல. துணி எல்லாம் ரெண்டு காலுக்கு நடுவுல போய் விழுது. போட்டோவுல பார்த்த மாதிரி ஒண்ணுமே இல்ல."

நான் முதலில் நம்பவில்லை. என் துணி அப்படி விழாது. "போட்டுக்காட்டு" என்றேன். உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். அவள் சொன்னது சரிதான். சீட்டுக்குக் கீழே துணி பை மாதிரி தொங்கியது. கவட்டி தொடை நடுவில் கிடந்தது. சுற்றிலும் ஓட வேண்டிய மடிப்பெல்லாம் முன்னால் நடுவில் வந்து குவிந்து, கணுக்காலுக்கு இடையில் சிக்கியது. பாட்டம் தரையைக் கூட்டியது.

ராவுத்தர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபக்காரர் இல்லை, வியாபாரி. "மவளே, நடந்தது நடந்துபோச்சு. துணிய வீணாக்க வேணாம். டெய்லரம்மா, இதெல்லாம் கீழ அரை முழம் வெட்டிருங்க. அது என்னமோ சொன்னாளே, கூலாட்டு, அப்படின்னு கீழயே பெட்ஷீட்டுப் பக்கத்துல ஒரு கம்பியில தொங்கவிட்டு வித்துரலாம். மாடி விஷயம் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அடுத்த வருஷம் என்றால் எந்த வருஷமும் இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் உள்ளே போய் அந்த பலாசோவைக் கழற்றிக்கொண்டு வந்தாள். ஓவர்லாக் பொண்ணைப் பார்த்து, "அக்கா, நீங்க ஒரு தடவ போடுங்களேன்" என்றாள்.

ஓவர்லாக்காரி அதே பலாசோவை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். அழகாக விழுந்தது. சீப்பால் வாரின மடிப்பு. நடந்தாள், துணி பின்னால் வந்தது. எனக்கே ஒரு நிமிஷம் மண்டை குழம்பியது. ஒரே சீட், ஒரே உயரம், ஒரே துணி. இவளுக்கு விழுவது அவளுக்கு ஏன் விழவில்லை?

ராவுத்தர் மகள் ஓவர்லாக்காரியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள். மேலே தோர்த்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள்.

"அக்கா, உள்ள என்ன இருக்கு?"

"உள்ளயா? நைட்டிங்க. அதுக்குள்ள பாவாடை."

"நைட்டிய எங்க வச்சிருக்கீங்க?"

"எங்க வைக்கறது? மேல சுருட்டி உள்ள சொருகிட்டேன். எப்பவும் அப்படித்தானுங்க. வேன் டிரைவர் எல்லாம் வந்து போற எடம், நைட்டியக் கழட்டிட்டா நிக்க முடியும்?"

அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. இடுப்பைச் சுற்றி ஒரு நைட்டியும் ஒரு பாவாடையும் சுருண்டு கிடந்தால் சீட் நாற்பதா இருக்கும்? மெத்தை கட்டின மாதிரி. அதனால்தான் முதல் சாம்பிள் பிடித்தது. அந்த மெத்தைதான் துணியைக் காலில் ஒட்டாமல் வெளியே தள்ளி, மடிப்பை அழகாக விழவைத்தது. துணி அந்த மெத்தை மேல் ஏறி இறங்க வேண்டியிருந்ததால் நீளமும் கூட வேண்டியிருந்தது. மெத்தை இல்லாதவள் போட்டால் கூட்டினதெல்லாம் மிச்சமாகித் தொங்கும். இத்தனை வருஷம் இதே பழக்கத்தில்தான் போட்டுப் பார்த்தோம், கெட்டுப்போகவில்லையே என்றால், கடைக்கு மொத்தமாக வெட்டினதெல்லாம் காட்டன், ரேயானும் ஜார்ஜெட்டும் ஆளுக்கு அளவெடுத்துத் தைத்தவை. காட்டன் தானே நிற்கும், உள்ளே மிச்சம் இருந்தாலும் காட்டிக்கொடுக்காது. ரேயான் எதையும் ஒளிக்காது.

"பாத்தீங்களா, எம்மேல தப்பில்ல. நான் தின்னதால இல்ல" என்றாள் ஓவர்லாக்காரி.

"நீ தின்னதால இல்ல, கட்டினதால" என்றேன். ராவுத்தர் முகத்தைத் திருப்பி வயலைப் பார்த்துச் சிரித்தார்.

அவர் சிரித்தாரே தவிர, பேச்சை மாற்றவில்லை. "காரணம் தெரிஞ்சுது, செரி. வெட்டினது வெட்டினதுதானே? கீழ வெட்டிருங்க, மதி." மதி என்றால் போதும் என்று அவர் முடிக்கிற விதம். கடையில் விலை பேசி முடிக்கும்போதும் அதைத்தான் சொல்வார்.

"ராவுத்தரே, இங்க நான் இருக்கேன். கீழ ஒரு நூல் வெட்ட விட மாட்டேன்."

"ஏன்? நீளம்தானே கூட?"

வாயால் சொன்னால் வியாபாரிக்கு ஏறாது. தைத்து முடித்த ஒன்றை எடுத்து, அவர் சொன்ன இடத்தில் பாட்டத்தை உள்ளே மடித்து, குண்டூசி குத்தி, மகளிடம் கொடுத்தேன். போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கவட்டி அதே பள்ளத்தில் தொங்கியது, பாட்டத்தின் அகலம் எல்லாம் உள்ளே மடிந்துபோனதால் கீழே விழுகையே இல்லை. கெண்டைக்காலில் இரண்டு கோணிப்பை கட்டின மாதிரி நின்றது.

"இத உங்க கடையில தொங்கவிடுவீங்களா ராவுத்தரே?"

அவர் ஸ்டூலிலிருந்து சாய்ந்து பின்பக்கமும் பார்த்தார். "அத்தா, சொல்லுங்க, தொங்கவிடுவீங்களா?" என்று மகளும் கேட்டாள். அழுத கண்ணோடு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க அத்தாவோட பழைய டவுசர் மாதிரி இருக்கு" என்றார் ராவுத்தர் கடைசியில்.

"அகலம் கீழதான் இருக்கு. நாம பணம் போட்டு வாங்கின விழுகை எல்லாம் கடைசி அரை முழத்துலதான் இருக்கு. அத வெட்டிட்டா என்ன மிச்சம்? மிச்சமா இருக்கறது மேல. மேல வெட்டணும்."

எந்தத் தையல்காரரும் நீளம் கூடினால் கீழேதான் கத்தரி வைப்பார். நான் இடுப்பில் வைத்தேன். எலாஸ்டிக்கைப் பிரித்து, மேலிருந்து முன்பக்கம் ஒன்றரை இஞ்ச், பின்பக்கம் அதைவிடக் கொஞ்சம் குறைத்து வெட்டினேன். உட்காரும்போது பின்னால் உயரம் வேண்டும், அதை முன்பக்கத்துக்குச் சமமாக எடுத்தால் இடுப்பு கீழே வழுக்கும். மேலே எடுத்தவுடனே கவட்டி தானாக மேலே ஏறியது, அந்த அளவுக்கு நீளமும் ஏறியது, பாட்டம் சுற்று ஒரு நூலும் குறையவில்லை. அப்புறம் பக்கத் தையலில், சீட் அகலமான இடத்தில் நான் கூட்டியிருந்ததைப் பிடித்து, கீழே வரவர ஒன்றுமில்லாமல் முட்டிக்கு மேலேயே முடித்தேன். கவட்டி முனையில் அரை இஞ்ச் எடுத்து, அதையும் தொடையிலேயே கரைத்துவிட்டேன். உள்பக்கம் குவிவதற்குக் காரணம் அந்த முனைதான். எல்லாத்தையும் டேப் பார்த்துத்தான் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். பாதி கண், பாதி கை.

ராவுத்தர் மகள் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் அவள் என்னை நிறுத்தினாள். "அம்மா, உள்ளாடைக்கு மேல மெல்லிசா லெகிங்ஸ் போட்டு அது மேல பலாசோ போடறவங்களும் இருக்காங்க. ரொம்ப டைட்டாக்கிட வேணாம்." அது எனக்குத் தோன்றவில்லை. கடைக்கு வருகிறவர்களை அவள்தான் பார்க்கிறாள், நான் பார்ப்பதில்லை. பக்கத் தையலில் எடுப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

எலாஸ்டிக்கை மறுபடி போட்டுத் தைத்து, பாட்டத்தை மட்டும் மடிக்காமல் விட்டு, ஆணியில் தொங்கவிட்டேன். ரேயானில் சாய்வாக வெட்டின இடம் தொங்கத் தொங்க இறங்கும். இறங்கினதற்குப் பிறகுதான் பாட்டம் மடிக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்றைக்கு நேராக இருப்பது ஒரு வாரத்தில் நாய் கடித்த மாதிரி ஏற்ற இறக்கமாகிப் போகும். ராவுத்தருக்குப் பொறுமை இல்லை. அவருக்காக அந்த ஒன்றை மட்டும் குண்டூசியில் மடித்து, மகளைப் போட்டுவரச் சொன்னேன். எங்கள் ஷெட்டை ஒட்டின வீட்டில் மொட்டை மாடி ஏறுகிற படி இருக்கிறது, கைப்பிடி இல்லாத செங்குத்துப் படி.

"ஏறி இறங்கு அம்மணி" என்றேன்.

"வேணாம், தரையில நடந்து காட்டட்டும், போதும்" என்றார் ராவுத்தர். குரலில் பயம் இருந்தது.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. ஏறினாள். மேலே போய்த் திரும்பி நின்றாள். மில் பக்கத்திலிருந்து காற்று வந்து துணியைக் காலோடு ஒட்டியது, பிறகு விட்டது. விட்டவுடனே மடிப்பு எல்லாம் அதனதன் இடத்துக்குப் போய் நின்றது. இறங்கினாள். கையால் துணியைத் தூக்கிப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு படிக்கும் பாட்டம் புறங்காலின் மேல் வந்து தொட்டு, பின்வாங்கியது. கடைசிப் படியில் நின்று, அத்தாவைப் பார்த்து, "இப்ப?" என்றாள்.

ராவுத்தர் படியோரம் வந்து பாட்டத்தைக் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்து, "மத்ததெல்லாம் இப்படி ஆக எத்தன நாளாகும்?" என்று கேட்டார்.

"பெருநாளுக்கு முன்னாடி மாடிக்கு வந்துடும். எங்க பொண்ணுங்க கை அப்படி" என்றேன். "கீழ பெட்ஷீட்டுப் பக்கத்துல தொங்கவிடறதா இருந்தா இப்பவே சொல்லிருங்க, தைக்க மாட்டேன்."

"உங்க வாய்க்கு ஒரு வரி போடணும், டெய்லரம்மா" என்று எழுந்து போனார்.

அதற்கப்புறம் எங்கள் ஷெட்டில் ஒரு மூலையில் திரை கட்டி, போட்டுப் பார்க்கிற பொண்ணு நைட்டியைக் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும் என்று சட்டம் போட்டேன். ஓவர்லாக்காரி முதல் வாரம் முழுக்க "என்னைய மாடல் ஆக்கிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். கூலாட்டை அந்தச் சட்டத்தின்படியே போட்டுப் பார்த்தோம். பாவாடை வரைந்து, கவட்டி சேர்த்து, முன்னால் நடுவில் ஒரு பெட்டி மடிப்பு வைத்தேன். கெட்டிக் காட்டனுக்கு அந்த மடிப்பு வேண்டும், இல்லாவிட்டால் முன்பக்கம் பலகை. நின்றால் பாவாடை, நடந்தால்தான் பேண்ட் என்று தெரிந்தது. முதல் தடவையே சரியாக வந்தது. என் கையில் எதுவும் இரண்டு தடவை தப்பாது.

மாடி திறந்த அன்றைக்குக் காலையில் நானும் போனேன். வெள்ளைச் சுவர், இரண்டு கம்பி, ஒரு கம்பியில் பச்சை, ஒரு கம்பியில் செங்கல் நிறம். ராவுத்தர் மகள் பச்சைதான் போட்டிருந்தாள். கீழே பெட்ஷீட்டு வாங்க வந்த கூட்டம் நிமிர்ந்து பார்த்ததே தவிர யாரும் ஏறவில்லை. அவள் கம்பியை ஒழுங்குபண்ணினாள், மறுபடி ஒழுங்குபண்ணினாள், ஒழுங்காக இருந்ததையும் ஒழுங்குபண்ணினாள். நான் தொங்குகிற பாட்டத்தின் மடிப்பையே எண்ணிக்கொண்டு நின்றேன்.

பதினோரு மணி வாக்கில் சித்தூர்ப் பக்கத்து டீச்சர் ஒருத்தி, கொஞ்சம் பருமன், முழங்கால் வலியோடு படிப்படியாக ஏறி வந்தாள். பலாசோவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒல்லியா இருக்கறவங்களுக்குத்தான் கண்ணு. எனக்கு இதெல்லாம் போட்டா ஊர்ல கூடாரம் அடிச்ச மாதிரி இருக்கும்" என்றாள்.

"போட்டுப் பாருங்க டீச்சர். உள்ள எதுவும் சுருட்டி வைக்காம போடுங்க, கேட்டோ" என்று மலையாளத்தில் முடித்தாள் ராவுத்தர் மகள்.

டீச்சர் திரைக்குள் போய் வந்தாள். கண்ணாடி முன்னால் நின்றாள். ஒரு அடி வைத்தாள், நின்றாள், துணி நிற்பதைப் பார்த்தாள். திரும்பிப் பின்பக்கம் பார்த்தாள். சீட்டில் எங்கேயும் பிடிக்கவும் இல்லை, பை விழவும் இல்லை. பருமன் தெரியவில்லை, உயரம்தான் தெரிந்தது. தன் பழைய சுடிதார் பேண்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இதையே போட்டுட்டுப் போறேன். பில் மட்டும் போடு" என்றாள்.

அவள் படி இறங்கினபோது கீழே வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். இரண்டு பேர் பெட்ஷீட்டை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு, அவளுக்கு வழி விட்டு, அவள் வந்த படியில் ஏறினார்கள்.

ராவுத்தர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, படி திரும்புகிற இடத்தில் நின்று மேலேயும் கீழேயும் பார்த்தார். பிறகு கடையில் இருந்த பெரிய பையனைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு இந்த வளைவுல ஒரு ஆள் உயரத்துக்குக் கண்ணாடி மாட்டணும். ஏறி வரவங்க தங்கள முழுசாப் பார்க்கணும். என்ன அளவு, எங்க வைக்கணும், எல்லாம் மேல போய் முதலாளியம்மாவக் கேளு."

பையன் யாரு முதலாளியம்மா என்று முழித்தான். ராவுத்தர் விரலால் மாடியைக் காட்டினார்.